மலேசியச் சேமிப்புக் கணக்குகளில் கழியும் கட்டணங்கள்: எதை எதனோடு ஒப்பிட வேண்டும்?

சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, குறைந்தபட்சம் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான். தமிழகத்தில் உள்ள உறவினர்கள் இருப்பு குறைந்ததற்காக அபராதம் கட்டியதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இயல்பான கேள்வி. ஆனால் மலேசியாவில் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் பணம் கரைவதற்கு அது முதன்மைக் காரணமாக இருப்பது அரிது. இங்கே பணம் போகும் வழிகள் வேறு.

இருப்பு குறைந்தால் கட்டணம் என்ற விதி பெரும்பாலும் நடப்புக் கணக்கோடும், நடப்புக் கணக்கின் வசதிகளைச் சேர்த்துத் தரும் சில கலப்புக் கணக்குகளோடும் வருகிறது. அரையாண்டின் சராசரி இருப்பு 1,000 ரிங்கிட்டுக்குக் குறைந்தால் 10 ரிங்கிட் கழிப்பது பல வங்கிகளின் வழக்கம். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘சராசரி’. சம்பளமாக வரும் 3,000 ரிங்கிட் மாதத்தில் ஐந்து நாள்கள் மட்டும் கணக்கில் இருந்து, மீதி இருபத்தைந்து நாள்கள் 200 ரிங்கிட் மட்டுமே நின்றால், மாதச் சராசரி ஏறத்தாழ 667 ரிங்கிட்தான். சம்பள நாளன்று பெரிய தொகையைப் பார்த்தவர், ஆண்டுக்கு 20 ரிங்கிட் ஏன் கழிந்தது என்று வியப்பது இதனால்தான். ஆகவே கணக்கைத் திறக்கும் முன் அது சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா, இரண்டும் கலந்ததா என்பதை வங்கி தரும் பொருள் விவரத் தாளில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் உள்ள பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது டெபிட் அட்டை. ஆண்டுக் கட்டணம் பல வங்கிகளில் 8 ரிங்கிட், சிலவற்றில் அதைவிடக் கூடுதல். தொகை சிறியதுதான், ஆனால் அட்டையைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது கழியும். வெவ்வேறு வங்கிகளில் மூன்று கணக்குகளும் மூன்று அட்டைகளும் வைத்திருப்பவர், ஒன்றை மட்டுமே தேய்த்தாலும் மூன்றுக்கும் கட்டுகிறார்.

பணப் பரிமாற்றத்தில் நிலைமை நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. தனிநபர்கள் இணையம் அல்லது கைப்பேசி வழியாக உடனடியாகப் பணம் அனுப்பும்போது, 5,000 ரிங்கிட் வரையிலான பரிமாற்றத்துக்கு இருந்த 50 சென் கட்டணம் 2018 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டது. இன்று டுயிட்நவ் வழியாக அனுப்புவோர் இந்தச் சலுகையைத்தான் அனுபவிக்கிறார்கள். பழக்கத்தினால் வங்கிமுகப்புக்குச் சென்று படிவம் நிரப்பி அனுப்புபவர்கள் இன்னமும் கட்டணம் செலுத்துகிறார்கள். முதியோர் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டிய இடம் இது.

உண்மையில் அதிகம் கரைவது மற்றொரு வங்கியின் ஏடிஎம் இயந்திரத்தில் பணம் எடுக்கும்போதுதான். ஒவ்வொரு முறையும் 1 ரிங்கிட். நோய்ப்பரவல் காலத்தில் இது தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த இயந்திரத்திலும் எடுக்கலாம் என்று பழகிவிட்டவர்கள், கட்டணம் திரும்பியதைக் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் ஒழிய உணர்வதில்லை.

பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்கு அருகில் இருப்பது வேறு வங்கியின் ஏடிஎம். வாரத்துக்கு ஒருமுறை அதில் 150 ரிங்கிட் எடுக்கிறார். ஆண்டுக்கு 52 ரிங்கிட் அங்கேயே போகிறது. அட்டைக்கு 8 ரிங்கிட். பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் 400 ரிங்கிட் டுயிட்நவ் வழியாக அனுப்புகிறார். அதற்குக் கட்டணம் இல்லை. ஆக மொத்தம் 60 ரிங்கிட். அவர் கணக்கில் சராசரியாக 2,000 ரிங்கிட் இருந்து, ஆண்டுக்கு அரை விழுக்காடு வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், வரவு 10 ரிங்கிட்தான். சேமிப்புக் கணக்கு அவருக்கு ஆண்டுக்கு 50 ரிங்கிட் செலவு வைக்கிறது. அவர் வங்கியை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. மாதம் இருமுறை, தம் வங்கியின் இயந்திரம் இருக்கும் வழியாகப் போகும்போது 300 ரிங்கிட்டாக எடுத்தாலே 52 ரிங்கிட்டும் மிஞ்சும். அப்படி வழி இல்லை என்றால்தான், வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ பக்கத்தில் இயந்திரம் உள்ள வங்கிக்கு மாறுவது பொருத்தமாகும். என் கணிப்பில், வட்டி விகிதத்தில் உள்ள சிறு வேறுபாட்டைவிட இந்தத் தூரமே பெரிய வேறுபாடு.

அதே பெண்ணுக்கு முந்தைய முதலாளி திறந்து கொடுத்த பழைய சம்பளக் கணக்கு ஒன்று வேறொரு வங்கியில் 45 ரிங்கிட்டுடன் கிடக்கிறது என்று கொள்வோம். பன்னிரண்டு மாதங்கள் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகிவிடும். வங்கி தானே கழிக்கும் கட்டணத்தையும் தானே சேர்க்கும் வட்டியையும் வைத்துக் கணக்கு இயங்குவதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை. செயலற்ற கணக்குக்கு ஆண்டுக்கு 10 ரிங்கிட் கழிக்கும் வழக்கம் உண்டு. இருப்பு 10 ரிங்கிட்டோ அதற்குக் குறைவோ ஆகும்போது மீதியை எடுத்துக்கொண்டு கணக்கை மூடவும் வங்கியால் முடியும். எனவே அந்த 45 ரிங்கிட் நான்கைந்து ஆண்டுகளில் இல்லாமல் போகும். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன: மைகாட்டுடன் கிளைக்குச் சென்று பணத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முறையாக மூடிவிடலாம், கணக்கு தேவைப்பட்டால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறு தொகை ஒன்றைப் போடலாம் அல்லது எடுக்கலாம்.

குறைந்த வருமானம் உள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ பற்றி அவசியம் கேட்க வேண்டும். பேங்க் நெகாரா வகுத்த அடிப்படை வங்கிச் சேவை ஏற்பாட்டின் கீழ் வரும் இதை மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 20 ரிங்கிட் வைப்பில் திறக்கலாம். மாதத்துக்கு ஆறு முறை வங்கிமுகப்பில் சேவை பெறவும், சொந்த வங்கியின் ஏடிஎம்மில் எட்டு முறை பணம் எடுக்கவும் கட்டணம் இல்லை. மாதம் நான்கு முறை எடுப்பவருக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இந்தக் கணக்கு வைத்திருந்தாலும் பிற வங்கியின் இயந்திரத்துக்கான 1 ரிங்கிட் கழியும் என்பதை மறக்கக் கூடாது. டெபிட் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதையும் கணக்கைத் திறக்கும்போதே தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலர் தாமாக இந்தக் கணக்கை முன்வைக்காமல் இருக்கலாம். அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கழிந்த கட்டணம் புரியவில்லை என்றால், முதலில் வங்கியிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்க வேண்டும். கழிந்த தேதி, தொகை, அறிக்கையில் அதற்குத் தரப்பட்ட பெயர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால் பதில் விரைவாக வரும். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணை அழைக்கலாம். 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர் சேவையிடமும் புகாரைக் கொண்டு செல்லலாம். வங்கி எழுத்தில் தந்த இறுதிப் பதிலை அங்கே கேட்பார்கள் என்பதால் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருங்கள்.