இரண்டு விடையும் சரியில்லை: ‘நைதர்’ கேட்கும் வினை

ஒரு கணக்குக்கு இரண்டு பேர் வெவ்வேறு விடை எழுதியிருக்கிறார்கள். சரிபார்த்தால் இரண்டுமே தப்பு. தமிழில் ‘இரண்டு விடையும் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். இதையே ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்றால் நம்மில் பலருக்கு வாயில் முதலில் வருவது ‘போத் ஆன்ஸர்ஸ் ஆர் நாட் கரெக்ட்’. ஆங்கிலம் எதிர்பார்ப்பதோ ‘நைதர் ஆன்ஸர் இஸ் கரெக்ட்’.

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘போத்’ மட்டும் மாறவில்லை. ‘ஆன்ஸர்ஸ்’ என்ற பன்மை ‘ஆன்ஸர்’ என்ற ஒருமை ஆகிவிட்டது. ‘ஆர்’ போய் ‘இஸ்’ வந்துவிட்டது. ‘நாட்’ காணாமலே போய்விட்டது. விடைகள் என்னவோ அதே இரண்டுதான். பிறகு ஏன் இந்த மூன்று மாற்றங்களும்?

அதைப் புரிந்துகொள்ள, இரண்டு விடைகளுக்கும் என்னென்ன கதி நேரலாம் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். இரண்டும் சரியாக இருக்கலாம். முதலாவது மட்டும் சரியாக இருக்கலாம். இரண்டாவது மட்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் தப்பாக இருக்கலாம். ஆக, நான்கு நிலைகள்.

‘போத் ஆன்ஸர்ஸ் ஆர் கரெக்ட்’ என்றால் முதல் நிலை. இதில் யாருக்கும் குழப்பம் வராது. ‘ஐதர் ஆன்ஸர் இஸ் கரெக்ட்’ என்றால்? ஏதோ ஒன்று மட்டும் சரி என்று படுகிறதா? இல்லை, இதுவும் பெரும்பாலும் அதே முதல் நிலையைத்தான் சொல்கிறது: இந்த விடையை எடுத்தாலும் சரி, அந்த விடையை எடுத்தாலும் சரி, எதை எடுத்தாலும் தப்பில்லை. (‘ஐதர்… ஆர்…’ என்று ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ சேர்ந்து ஜோடியாக வருவது வேறு சங்கதி. அது இரண்டில் ஒன்று என்று சொல்லும் இணைப்புச்சொல். இங்கே பேசுவது பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கும் ‘ஐதர்’ பற்றி.)

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘போத்’, ‘ஐதர்’ இரண்டும் ஒரே நிலையைக் குறிக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு ‘ஆர்’, மற்றதற்கு ‘இஸ்’. அப்படியானால் வினையின் ஒருமையும் பன்மையும் உலகத்தில் எத்தனை பொருள் இருக்கிறது என்பதை எண்ணிச் சொல்வதில்லை. அந்தச் சொல் நம் கண் முன்னால் ஒரு நேரத்தில் எத்தனையை நிறுத்துகிறது என்பதைத்தான் சொல்கிறது. ‘போத்’ இரண்டு விடைகளையும் சேர்த்து மேசையில் வைக்கிறது. ‘ஐதர்’ ஒன்றைக் காட்டுகிறது, அதை எடுத்துவிட்டு மற்றதைக் காட்டுகிறது. எந்தக் கணத்திலும் மேசையில் இருப்பது ஒரே ஒரு விடை.

‘ஈச்’, ‘எவ்ரி’, ‘ஐதர்’, ‘நைதர்’, ‘போத்’, ‘ஆல்’ ஆகிய ஆறு சொற்களும் இந்த ஒரே கோட்டில் பிரிந்துவிடும். முதல் நான்கும் ஒவ்வொன்றாகக் காட்டுபவை. அவற்றுக்குப் பின்னால் பெயரும் ஒருமை, வினையும் ஒருமை. அரங்கத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் ‘எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ் எ புக்’தான். தமிழிலும் அப்படித்தானே? ஒவ்வொரு மாணவனும் வந்தான், எல்லா மாணவர்களும் வந்தார்கள். இந்த அளவுக்கு நம் மொழி நமக்குத் துணை நிற்கிறது. ‘போத்’ எப்போதும் பன்மைதான். ‘ஆல்’ மட்டும் தன் பெயரைப் பார்த்து நடந்துகொள்ளும்: எண்ணக்கூடியது என்றால் ‘ஆல் தி புக்ஸ் ஆர்’, தண்ணீர் போல எண்ண முடியாதது என்றால் ‘ஆல் தி வாட்டர் இஸ்’.

‘ஐதர்’ என்ற சொல்லுக்குள் பழைய ஆங்கிலத்தின் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: ‘ஆமா, இல்லையா’ என்ற பொருளில் இன்று ‘வெதர்’ என்று வழங்குவதன் மூதாதை. அதற்கு அந்தக் காலத்தில் ‘இரண்டில் எது’ என்று பொருள். அதனால்தான் ‘ஐதர்’ இரண்டுக்கு மேல் போவதை விரும்புவதில்லை. மூன்று விடைகள் இருந்தால் ‘எனி’ என்றுதான் சொல்லவேண்டும். ‘எவ்ரி’ இதற்கு நேர் எதிர். இரண்டே பொருள் இருந்தால் அது வராது. ‘எவ்ரி ஹேண்ட்’ என்று ஒருவரின் இரண்டு கைகளைக் குறிக்க முடியாது. ‘ஈச் ஹேண்ட்’ என்றால் சரி.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். நடுவில் ‘ஆஃப்’ நுழைந்தால் என்ன ஆகும்? ‘நைதர் ஆஃப் தி ஆன்ஸர்ஸ் இஸ் கரெக்ட்.’ பெயர் பன்மைக்குப் போய்விட்டது, வினை ஒருமையிலேயே நிற்கிறது. காரணம் இதுதான்: ‘ஆஃப் தி ஆன்ஸர்ஸ்’ என்பது எந்தக் கூட்டத்திலிருந்து எடுக்கிறோம் என்று சொல்லும் பகுதி. கூட்டம் என்பதால் அங்கே பன்மை வந்தாகவேண்டும். எழுவாயின் தலை ‘நைதர்’தான், வினை அதைப் பார்த்துத்தான் நிற்கிறது. ‘ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேஸ் எ கீ’ என்பதும் இதே கட்டுமானம்தான். ‘எவ்ரி’ மட்டும் ‘ஆஃப்’ முன்னால் தனியாக நிற்காது. ‘எவ்ரி ஒன் ஆஃப்’ என்று ஒரு ‘ஒன்’ சேர்த்துக்கொள்ளும்.

விதி தெரிந்த பிறகும் இங்கே தப்பு வருவது ஏன்? ஆங்கிலம் படிக்கும் நமக்கு மட்டும் நேரும் குறை இல்லை இது. 1991ல் காத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இந்தத் தப்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கச் சொல்வதுதான் சோதனை. ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’ போன்ற தொடக்கங்கள். சாவி ஒன்றுதான், ஆகவே ‘இஸ்’ வரவேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்கும் ‘கேபினெட்ஸ்’ என்ற பன்மை சில நேரம் வினையைத் தன் பக்கம் இழுத்து ‘ஆர்’ ஆக்கிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: தலை பன்மையாக இருந்து பக்கத்துப் பெயர் ஒருமையாக இருந்தால் இந்த இழுப்பு அநேகமாக நடப்பதில்லை. பன்மைக்குத்தான் அந்த இழுக்கும் பலம்.

‘நைதர் ஆஃப் தி ஆன்ஸர்ஸ்’ இந்த இழுப்புக்குத் தோதான அமைப்பு. தலையில் நிற்பது ஒரு சின்னச் சொல், வினைக்குப் பக்கத்தில் நிற்பது கனமான பன்மைப் பெயர். போதாததற்கு, மனதில் இரண்டு விடைகளின் படம் வேறு ஓடுகிறது. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘நைதர் ஆஃப் தெம் ஆர்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள், பேச்சுவழக்கில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் ‘இஸ்’ எழுதுவதே பாதுகாப்பு. ‘ஆஃப்’ இல்லாத ‘நைதர் ஆன்ஸர்ஸ் ஆர்’ என்பதற்கு மட்டும் எங்கேயும் இடம் கிடையாது.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ‘ஆஃப்’ முதல் அந்தப் பன்மைப் பெயர் வரை விரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ‘ஈச் ஹேவ் எ கீ’ என்றால் காது உடனே மறுக்கும். ஆனால் இதை ‘ஈச்’ வாக்கியத்தின் முன்னால் நிற்கும்போது மட்டுமே செய்யவேண்டும். ‘தி பாய்ஸ் ஈச் ஹேவ் எ கீ’ என்று அது நடுவில் வந்து உட்கார்ந்தால் எழுவாய் ‘தி பாய்ஸ்’ ஆகிவிடும், வினையும் பன்மையாகிவிடும். அங்கே ‘ஈச்’ ஆளுக்கு ஒன்று என்று மட்டும் சொல்கிறது.

மூன்றாவது மாற்றம் மிச்சமிருக்கிறது: அந்த ‘நாட்’. தமிழில் மறுப்பு வினையில்தான் குடியிருக்கிறது. யாரும் வரவில்லை, எதுவும் தெரியாது, இரண்டும் சரியில்லை. ‘யாரும்’, ‘எதுவும்’, ‘இரண்டும்’ ஆகிய சொற்களில் ‘இல்லை’ என்ற பொருளே கிடையாது. எல்லாவற்றையும் வினை பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலமோ மறுப்பைப் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லிலேயே வைத்துவிடலாம். ‘நைதர்’ சொல்லின் தொடக்கத்தில் உள்ள ‘ந்’ ஒலிதான் அந்த மறுப்பு. ‘எவர்’ என்பதிலிருந்து ‘நெவர்’ வந்ததும் அப்படித்தான். முன்னாலேயே ‘இல்லை’ சொல்லியாகிவிட்டது, ஆகவே வினை நேராக நிற்கவேண்டும். ‘நைதர் ஆன்ஸர் இஸ் நாட் கரெக்ட்’ என்று எழுதினால் மறுப்பு இரண்டு தடவை விழுந்து, சரியில்லாத விடை எதுவும் இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் அப்புறம்தான் தெரிகிறது. ‘வந்தான்’, ‘வந்தார்கள்’ என்று ஆள், எண் பார்த்து மாறும் நம் வினை, ‘வரவில்லை’ என்றதும் அந்த அடையாளங்களை எல்லாம் இழந்துவிடுகிறது. ஒருவன் வரவில்லை, பத்துப் பேர் வரவில்லை: ஒரே வடிவம். ‘இல்லை’, ‘சரியில்லை’ என்பவையும் அப்படியே. ‘ஒவ்வொரு மாணவனும் வந்தான்’ என்று நினைத்து ஆங்கிலத்துக்குப் போனால் கையில் ஒருமை இருக்கிறது. ‘இரண்டும் சரியில்லை’ என்று நினைத்துப் போனால் வினையிலிருந்து எந்தத் துப்பும் கிடைப்பதில்லை. மிஞ்சுவது ‘இரண்டும்’ என்ற சொல் மட்டும்தான். அது ‘போத்’ ஆகிறது, ‘போத்’ பன்மையைக் கொண்டுவருகிறது, ‘இல்லை’ என்பது ‘நாட்’ ஆகி வினையோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் பார்த்த வாக்கியம் பிறந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாக்கியத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான்கு நிலைகளுக்குத் திரும்பிப் போவோம். ‘நைதர் ஆன்ஸர் இஸ் கரெக்ட்’ என்றால் நான்காவது நிலை மட்டும்தான், இரண்டும் தப்பு. ‘போத் ஆன்ஸர்ஸ் ஆர் நாட் கரெக்ட்’ என்று கேட்பவர், ‘இரண்டுமே சரி என்று சொல்ல முடியாது’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் ஒன்று சரியாக இருக்கும் இரண்டு நிலைகளும் உள்ளே வந்துவிடும். அவர் அடுத்துக் கேட்பது ‘விச் ஒன் இஸ்?’ என்பதாகத்தான் இருக்கும்.

‘ஆல்’ சொல்லிலும் இதே ஓட்டை உண்டு. ‘ஆல் தி ஆன்ஸர்ஸ் ஆர் நாட் கரெக்ட்’ என்றால் எல்லாமே தப்பா, சில மட்டும் தப்பா என்பது நிச்சயமில்லை. எல்லாமே தப்பு என்றால் ‘நன் ஆஃப் தி ஆன்ஸர்ஸ் இஸ் கரெக்ட்’ என்று மறுப்பை முன்னால் கொண்டுபோகலாம். சில மட்டும் தப்பு என்றால் ‘நாட் ஆல் தி ஆன்ஸர்ஸ் ஆர் கரெக்ட்’ என்று ‘நாட்’டைத் தூக்கி ‘ஆல்’ முன்னால் வைத்தால் போதும், வினை பன்மையிலேயே இருக்கலாம்.