ஐந்தாவது விரதத்தில் வந்த வலிப்பு

நல்லூர்க் கொடியேற்றத்தன்று குடியை நிப்பாட்டி, திருவிழா முடிந்ததும் மறுபடி தவறணைக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. தினமும் சாராயம் குடிக்கும் ஒருவர் இப்படி ஐந்து ஆண்டுகளாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு இரண்டு நாள் கை நடுங்கியது, வியர்த்தது, நித்திரை வரவில்லை. அவ்வளவுதான். ஐந்தாம் ஆண்டும் அதே நடுக்கம்தான், ஆனால் மறுநாள் காலையில் வலிப்பு வந்து விழுந்தார். குடித்த அளவு கூடவில்லை. "போன வருசமும் நிப்பாட்டினவர்தானே, ஒண்டும் நடக்கேல்லையே" என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

நான்கு முறை நிறுத்தியதே இங்கு ஒரு காரணமாக இருக்கலாம். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளை அடக்கும், குளூட்டமேட் அவற்றைத் தூண்டும். மது காபாவின் பக்கம் நின்று குளூட்டமேட்டை அமுக்குகிறது. மாதக்கணக்காகக் குடித்தால் மூளையும் அதற்கு ஈடாக அடக்கும் பக்கத்தைத் தளர்த்தி, தூண்டும் பக்கத்தைக் கூட்டிவைக்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால், பிரேக் தேய்ந்த வண்டியில் அக்சிலேட்டரை மிதித்த நிலைதான்.

சில நாட்களில் இது அடங்கிவிடும். ஆனால் தடயம் மிஞ்சும். 1960களில் கிரஹாம் கொடார்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதிக்கு நாளுக்கு ஒருமுறை மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். முதலில் எதுவும் நடக்கவில்லை. நாட்கள் போகப் போக அதே சிறு மின்சாரமே முழு வலிப்பை வரவைத்தது. இதற்குக் கிண்டிலிங் என்று பெயர். மதுவை நிறுத்தும்போதும் இதுவே நடக்கலாம் என்று 1978இல் பாலெஞ்சர், போஸ்ட் என்ற மனநல மருத்துவர்கள் இருவரும் எழுதினார்கள். பின்னர் எலிகளில் சோதித்தபோது, மொத்த மது ஒரே அளவாக இருந்தும், விட்டு விட்டுப் பெற்றவற்றுக்கே கடைசியில் வலிப்பு கடுமையாக இருந்தது.

மனிதர்களில் குடித்த ஆண்டுகளின் பங்கையும் நிறுத்திய தடவைகளின் பங்கையும் முழுதாகப் பிரிப்பது கடினம். ஆனாலும் பலமுறை நிறுத்தியவர்களிடம் வலிப்பு அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நடுக்கமும் வியர்வையும் அதேபோல ஏறவேண்டும் என்றில்லை. அதனால் நடுக்கம் குறைவு என்பதை வைத்து ஆபத்தும் குறைவு என்று முடிவெடுக்கக்கூடாது.

ஆகவே இவர் நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் போகவேண்டும். எத்தனை முறை நிறுத்தினார், முன்பு வலிப்பு வந்ததா என்று இரண்டையும் சொல்லவேண்டும். டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். அது காபாவின் வேலைக்குத் துணைநிற்கும். தயமின் என்ற விற்றமினும் கொடுப்பார்கள்.

வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் காய்ச்சலோடு மனம் குழம்பி, இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை வரலாம். அதைப் பேய் என்று நினைத்துப் பூசாரியைத் தேடும் நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.