நெற்றி மினுங்குகிறது என்று முகத்தையே மெழுகாக்காதீர்கள்

போன வாரம் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம், ஆல்பம் போட்டது வேறு இடம். 12x36 தாளை மேஜைமேல் விரித்து, முகூர்த்தப் படத்தில் விரலை வைத்து, "தம்பி, இது என் பொண்ணு மாதிரி இல்லப்பா. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கு" என்றார். இந்த வருஷத்தில் இப்படி என்னிடம் வந்த நாலாவது ஆல்பம் இது.

எடிட் செய்தவரிடம் போனில் கேட்டேன். "அண்ணா, நெத்தியும் மூக்கும் எண்ணெய் வழிஞ்சுது. ஃப்ரீக்வென்சி செபரேஷன் போட்டுத்தான் எடுத்தேன்" என்றார். அவர் போட்டது உண்மைதான். போட்ட பிறகு என்ன செய்தார் என்பதில்தான் கோளாறு.

போட்டோஷாப்பில் போடும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் தோலை மழமழப்பாக்கும் வித்தை என்று நம் பையன்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது எதையும் மழமழப்பாக்குவதில்லை. படத்தை இரண்டாகப் பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். கீழ் லேயரில் நிறமும் வெளிச்சமும் நிழலும் இருக்கும். மேல் லேயரில் தோல் துளை, மெல்லிய முடி, சுருக்கம் இருக்கும். பிரித்து முடித்து, மேல் லேயரை Linear Light-இல் வைத்ததும் படம் ஒரிஜினல் போலவே தெரிய வேண்டும். அந்த நொடியிலேயே தோல் மாறித் தெரிந்தால் பிரித்தது தப்பு, மேலே போகாதீர்கள். பெரும்பாலும் 16 பிட் படத்துக்கு 8 பிட் கணக்கைப் போட்டிருப்பீர்கள். 8 பிட்டுக்கு Apply Image-இல் Subtract, Scale 2, Offset 128. 16 பிட்டுக்கு Add, Invert டிக், Scale 2, Offset 0.

பிளாஸ்டிக் முகம் அதற்கு அப்புறம் வருகிறது. கீழ் லேயரில் நெற்றி முழுவதையும் லாஸோவால் வளைத்து, Gaussian Blur-ஐ 30, 40 என்று இழுத்துவிடுகிறார்கள். பளபளப்பு அங்கே அழிவதில்லை, பரவுகிறது. நடுவில் காசு அளவு இருந்த வெள்ளை நெற்றி முழுக்கப் பூசின மாதிரி ஆகிறது. புருவ மேட்டின் நிழல், மூக்குத் தண்டின் இரண்டு பக்கச் சரிவு எல்லாம் அதோடு கரைந்துபோகும். மேல் லேயரில் துளைகள் அப்படியே இருந்தாலும், அடியில் வடிவம் இல்லாததால் முகம் பொம்மையாகத்தான் தெரியும். "டெக்ஸ்ச்சர் இருக்கே அண்ணா" என்கிறார்கள். டெக்ஸ்ச்சர் இருந்தால் மட்டும் முகம் ஆகிவிடாது தம்பி.

அந்த முகூர்த்தப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். பென் டிரைவில் ஒரிஜினல் ஃபைல் இருந்தது, நல்லவேளையாக ரா. 24 மெகாபிக்சல், இடுப்பளவு படம், முகம் சுமார் 1000 பிக்சல் அகலம். ஒரு பக்கம் ஓமப் புகை, இன்னொரு பக்கம் வீடியோகாரரின் எல்இடி விளக்கு. வேலூர் வைகாசியில் அந்த முகம் மினுங்காமல் இருந்தால்தான் அதிசயம். முதலில் Camera Raw-வில் Highlights-ஐக் குறைத்தேன். இதைச் செய்யாமல் போட்டோஷாப்புக்கு ஓடாதீர்கள்.

படத்தைப் பிரிக்கும்போது கீழ் லேயருக்கு Gaussian Blur ரேடியஸ் 7 வைத்தேன். அந்த 7ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம். துளைகள் மறையும் இடத்தில் நிறுத்துங்கள், மூக்கின் வடிவம் மங்காமல் இருக்கட்டும். முகம் பெரிதாக இருக்கும் குளோசப்பில் எண் ஏறும். ரொம்பக் கூட்டினால் பளபளப்பின் ஓரம் மேல் லேயருக்குப் போய்விடும். கீழே எவ்வளவு பூசினாலும் ஒரு வெள்ளை வளையம் மிச்சம் நிற்கும்.

இரண்டு லேயருக்கும் நடுவில் ஒரு காலி லேயர் போட்டு, அந்த லேயரையே Darken-இல் வைத்தேன். பிரஷ்ஷை Darken-இல் வைத்தால் காலி லேயரில் வேலை செய்யாது, நிறைய பேர் இங்கே சறுக்குகிறார்கள். மேல் லேயரை மறைத்துவிட்டு, பளபளப்பை ஒட்டிய எண்ணெய் இல்லாத தோலில் நிறம் எடுத்தேன்: RGB 176, 128, 98. பளபளப்பின் நடுவில் 250, 244, 238 இருந்தது. மென்மையான பிரஷ், Flow 12, திரும்பத் திரும்ப லேசாகத் தடவினேன். Darken என்பதால் எடுத்த நிறத்தைவிட வெளுத்த இடம் மட்டும் மாறும், நிழல் பக்கம் அப்படியே இருக்கும். மூக்குக்கு நிறத்தை மூக்கிலேயே எடுத்தேன். நலங்கு மஞ்சள் நெற்றியில் ஒரு மாதிரியும் மூக்கில் ஒரு மாதிரியும் ஒட்டியிருந்தது. ஒரே நிறத்தைப் பூசினால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

இது முடிந்ததும் நெற்றி செத்துப்போன மாதிரி மட்டையாகத் தெரிந்தது. அது சரிதான், பயப்பட வேண்டாம். அந்த லேயரின் Opacity-ஐ 60க்கு இறக்கினேன். நடுப்பகுதி சுமார் 206, 174, 154க்கு வந்து நின்றது. வெளிச்சம் இருக்கிறது, எண்ணெய் இல்லை. மூக்கு நுனிப் புள்ளியை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே விட்டேன். அதை முழுக்க எடுத்தால் மூக்கு சப்பையாகிவிடும். நம் மாநிறத்துக்கு இது இன்னும் முக்கியம். மினுமினுப்பு மொத்தமும் போனால் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகும்.

நெற்றியில் என்ன இட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். திருநீறு தோலைவிட வெளுப்பு, Darken அதைத் தின்றுவிடும். மாஸ்க் போட்டுக் காப்பாற்றுங்கள். குங்குமம் தப்பித்துவிடும், ஆனால் கீழ் லேயரில் அதன் சிவப்பு சுற்றியுள்ள தோலில் கசிந்திருக்கும். பொட்டுக்குப் பக்கத்தில் நிறம் எடுக்காதீர்கள். நெற்றிச்சுட்டிக்கும் மூக்குத்திக்கும் இதே எச்சரிக்கைதான்.

கடைசியாக மேல் லேயர். முழுக்க வெளுத்த இடத்தில் கேமரா துளைகளையே பதிவு செய்திருக்காது. அங்கே நிறம் மட்டும் பூசினால் வழுக்கையாக ஒரு திட்டு தெரியும். Clone Stamp எடுத்து, Sample-ஐ Current Layer-இல் வைத்து, Opacity 100-இல் பக்கத்துத் துளைகளைக் கொண்டுவந்தேன். பாதி Opacity-இல் செய்தால் இரண்டு தோலும் கலந்து கஞ்சியாகும். நெற்றிக்கு நெற்றியிலிருந்தே, கோடு ஓடும் திசையிலேயே எடுங்கள். மூக்குக்கு மூக்கின் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கன்னத்துத் துளை சின்னது, மூக்கில் ஒட்டாது. வியர்வை முத்துகளையும் இதே லேயரில் இப்படியே எடுத்துவிடலாம்.

மொத்தம் இருபது நிமிஷம். ஒரு கல்யாணத்தின் எண்ணூறு படங்களுக்கும் இப்படிச் செய்ய முடியாது, அது எனக்கும் தெரியும். பெரிதாகப் போடும் பத்துப் பதினைந்துக்காவது செய்யுங்கள். மற்றவற்றில் பளபளப்பை அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெய் மினுங்கும் முகத்தை வீட்டார் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஜேபெக் மட்டுமே கையில் இருந்து, மூன்று எண்ணும் 255 என்று நின்றால் அங்கே மீட்க எதுவும் இல்லை. வெறும் ஓவியம்தான் வரைய வேண்டும். அதனால் படம் எடுக்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். ரா எடுங்கள். பையில் டிஷ்யூ வைத்திருங்கள். தாலி கட்டும் முன் பெண்ணின் அக்காவிடமோ அத்தையிடமோ கொடுத்து நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். துடைக்கக் கூடாது, துடைத்தால் மேக்கப்பும் சந்தனமும் சேர்ந்து வந்துவிடும். ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடிக்காமல் மண்டபக் கூரை வெள்ளையாக இருந்தால் அதில் அடியுங்கள்.

அந்தப் படத்தை மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தப் புருவத்துக்கு மேல இருக்கிற தழும்பு, மூணு வயசுல திண்ணையில விழுந்தது" என்றார். பழைய ஆல்பத்தில் அந்தத் தழும்பு இல்லை.