போனில் சிப் இல்லையென்றால் ஆப் என்ன செய்யும்?

போன வாரமும் ஒரு அழைப்பு. "தம்பி, ஏழாயிரம் ரூபாய்க்கு டேக் வாங்கி எல்லா பிளாக்கிலும் ஒட்டியாச்சு. செக்யூரிட்டி ஆளுங்க போன்ல ஒண்ணும் வரமாட்டேங்குது. ஆப்ல ஏதாவது அப்டேட் போட்டு விடுங்களேன்." பேசியவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். காவலர்கள் சுற்றி வரும்போது, அங்கங்கே ஒட்டிய என்.எஃப்.சி. டேக்கில் போனை வைத்தால் அந்த இடத்துக்கு வந்தது ஆப்பில் பதிவாக வேண்டும், அதுதான் திட்டம். இந்த வருடத்தில் இதே கேள்வி எனக்கு வருவது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அப்டேட் போட்டால் வராது. எந்த ஆப்பைப் போட்டாலும் வராது. என்.எஃப்.சி. என்பது போனுக்குள் இருக்கும் ஒரு சிப், அதோடு பின்பக்கமாகச் சுருட்டி வைத்த ஒரு கம்பிச்சுருள். டேக்கில் பேட்டரி கிடையாது. அந்தச் சுருளிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில்தான் அது உயிர் பெற்றுப் பேசுகிறது. சுருள் இல்லாத போனில் டேக்கை எழுப்பவே ஆள் இல்லை. டார்ச் லைட்டே இல்லாத போனில் டார்ச் ஆப் போட்டு வெளிச்சம் கேட்பது மாதிரிதான் இது. ஆப் ஸ்டோரில் "என்.எஃப்.சி. எனேபிளர்" என்கிற பாணியில் ஏதாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து கை வைக்காதீர்கள். இல்லாததை அது கொண்டுவரப் போவதில்லை, விளம்பரத்தைத்தான் கொண்டுவரும்.

"யூபிஐ எல்லாம் நல்லா வேலை செய்யுதே சார்" என்பது அடுத்த வாதம். கடையில் கியூஆர் ஸ்கேன் செய்வது கேமராவும் இன்டர்நெட்டும் செய்கிற வேலை, இதற்குச் சம்பந்தமே இல்லை. "நெட்டில் பார்த்தேன், இந்த மாடலில் இருக்குன்னு போட்டிருக்கு" என்பதையும் நம்ப வேண்டாம். ஒரே மாடல் பெயரை ஒரு நாட்டில் சிப்போடும் இன்னொரு நாட்டில் சிப் இல்லாமலும் விற்பது சாதாரணமாக நடக்கிறது. கையில் இருக்கிற போனின் செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் NFC என்று தட்டிப் பாருங்கள். பொதுவாக அங்கே ஸ்விட்ச் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. டேக் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

சரி, செயலாளரைத் திட்டி முடித்தாயிற்று. இனி ஆப் எழுதுகிற நம் ஆட்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் முதலில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். "Tap the tag" என்று ஒரு திரை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆறு காவலர்களில் நாலு பேர் போனில் சிப் இல்லை, ஐந்தாமவர் போனில் இருந்தும் அணைந்திருக்கிறது. ஐந்து பேருக்கும் அதே வட்டம். வயதான ஒருவர் போனைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, பின்பக்கக் கவரே கீறிப்போயிருந்தது. இல்லாததும் அணைந்திருப்பதும் ஒன்றல்ல, ஆப் அதைச் சொல்லியே ஆக வேண்டும்:

```kotlin
val nfc = NfcAdapter.getDefaultAdapter(this)
when {
    nfc == null -> showQr()
    !nfc.isEnabled -> askToTurnOn()
    else -> waitForTap()
}
```

`null` வந்தால் சிப் இல்லை. அவருக்கு டேப் என்ற வார்த்தையையே காட்டாதீர்கள், நேராகக் கேமராவைத் திறந்துவிடுங்கள். அணைந்திருந்தால் `Settings.ACTION_NFC_SETTINGS` வழியாக ஸ்விட்ச் இருக்கும் பக்கத்துக்கே கூட்டிப்போங்கள். அவர் ஆன் செய்துவிட்டுத் திரும்புவார், ஆகவே இந்தச் சோதனை `onResume`-இல் இருக்கட்டும். `onCreate`-இல் ஒரே முறை சோதித்துவிட்டு, ஆன் செய்த பிறகும் "ஆன் செய்யுங்கள்" என்று கெஞ்சுகிற ஆப்களைப் பார்த்திருக்கிறேன்.

மேனிஃபெஸ்டில் `required` என்பதை `true` என்று வைத்தால் சிப் இல்லாத போனுக்கு பிளே ஸ்டோர் ஆப்பையே தராது. மாற்று வழி வைத்திருக்கிறோம் அல்லவா, அதனால்:

```xml
<uses-feature
    android:name="android.hardware.nfc"
    android:required="false" />
```

மாற்று வழி என்று நான் வைத்தது டேக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டிய ஒரு கியூஆர். டேக்கில் எழுதியிருக்கும் அதே குறியீடு அதிலும் இருக்க வேண்டும். பி பிளாக் இரண்டாம் தளத்துக்கு `B2-07` என்றால் இரண்டிலும் `B2-07`. அதையே எண்ணாகக் கீழே அச்சிட்டுவிட்டால், கியூஆர் கிழிந்த இடத்தில் கையால் தட்டலாம். மூன்று வழியில் எது வந்தாலும் ஆப்பில் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். டேக்கின் தொழிற்சாலை எண்ணை மட்டும் நம்பி ஆப் எழுதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், கியூஆருக்கு அந்த எண் தெரியாது.

இதில் நானே ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தேன். கியூஆர் ஏற்கப்படுகிறது, டேக் மட்டும் "தெரியாத இடம்" என்கிறது. லாகில் பார்த்தால் டேக்கிலிருந்து வந்தது `enB2-07`. டெக்ஸ்ட் ரெக்கார்டாக எழுதினால் முதல் பைட் மொழிக் குறியீட்டின் நீளத்தைச் சொல்லும், அடுத்து `en` வரும், அதற்கப்புறம்தான் நாம் எழுதியது. முன்னால் இருப்பதை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மூன்று எழுத்துகளை வெட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், முதல் பைட்டின் கடைசி ஆறு பிட்டில் இருக்கும் நீளத்தைப் படித்து வெட்டுங்கள். எல்லா மொழிக் குறியீடும் இரண்டெழுத்து இல்லை.

கியூஆர் ராத்திரியில் வேறு தகராறு செய்யும். மாடிப்படியில் விளக்கு எரியாத இடத்தில் கேமராவுக்குக் கண் தெரியாது. ஸ்கேன் திரையிலேயே ஃபிளாஷ் பொத்தான் வையுங்கள், பெரிதாக.

சிப் இருந்தும் படிக்காத இடம் ஒன்றும் இருந்தது. தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் இரும்புக் கதவில் ஒட்டிய டேக்குகள் எந்தப் போனுக்கும் அசையவில்லை. இரும்பு அலையைக் கெடுத்துவிடும். அங்கே பின்னால் ஃபெரைட் அடுக்கு வைத்த, உலோகத்துக்கென்றே வரும் டேக் வாங்க வேண்டும், அல்லது பக்கத்துச் சுவருக்கு மாற்ற வேண்டும். நாங்கள் சுவருக்கு மாற்றினோம், செலவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் அறிக்கையில் விடியற்காலை மூன்று மணிச் சுற்று: 22 இடங்கள், மொத்தம் நான்கு நிமிடம். நடந்தால் அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் டேப் என்றால் N, கியூஆர் என்றால் Q என்று போட்டு வைத்திருந்தேன். இருபத்திரண்டும் Q. கியூஆர்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கேட் ஓரம் உட்கார்ந்தபடியே இன்னொரு போனின் திரையிலிருந்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஆனால் கியூஆரின் பலவீனம் இதுதான், படம் எடுத்தாலே நகல் ஆகிவிடும். டேக்கைப் படம் எடுத்து ஒன்றும் செய்ய முடியாது. அதையும் நகலெடுக்க வழி உண்டு, அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

செயலாளரிடம் சொன்னேன்: "அண்ணே, ஆளுக்கொரு போன் வேண்டாம். சிப் இருக்கிற பழைய போன் ரெண்டு வாங்கி கேட்டில் வையுங்க. டூட்டி மாறும்போது கை மாத்திக்கட்டும்." கியூஆரை எடுக்கவில்லை, போன் சார்ஜ் தீர்ந்த ராத்திரிக்கு அது வேண்டும். ஆனால் ஒரு சுற்றில் மூன்று Q-க்கு மேல் வந்தால் செயலாளருக்குச் செய்தி போகிற மாதிரி வைத்தேன். இப்போது அந்த இரண்டு போன்களும் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கின்றன, சுருள் எங்கே இருக்கிறது என்று தெரிய பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கரோடு. ஒட்டியது, சுவரில் போனைத் தேய்த்த அந்தப் பெரியவர்தான்.