வாழ்த்துப் படம் மட்டும் வந்தால், அது எந்தப் பக்கம் போகப்போகிறது?

காரைக்குடியில் டைப்பிங், மொழிபெயர்ப்பு, வாழ்த்து அட்டை, ஃபிளெக்ஸ் டிசைன் எல்லாம் சேர்த்துச் செய்கிற சின்னக் கடை என்னுடையது. பண்டிகை நேரத்தில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போனில் பத்துப் பதினைந்து படங்கள் வந்து கிடக்கும். தீபாவளி, பொங்கல், பெருநாள், பிள்ளையார் நோன்பு என்று யாரோ யாருக்கோ அனுப்பிய வாழ்த்து. மேலே "Forwarded" என்று இருக்கும். கூட ஒரு வார்த்தை இருக்காது.

அனுப்பியவருக்கு அதில் குழப்பமே இல்லை. என்ன வேண்டும் என்பது அவர் மனதில் தெளிவாக இருக்கிறது. எனக்குத்தான் மூன்று வழி தெரியும். இதைத் தமிழில் சொல்லக் கேட்கிறாரா, பதில் எழுதித் தரச் சொல்கிறாரா, இதே மாதிரி தன் பெயரில் ஒன்று செய்யச் சொல்கிறாரா? மூன்றும் வேறு வேறு வேலை. தவறாக ஊகித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கடையில் நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

ஒரு பிள்ளையார் நோன்பு அன்று காலை, பள்ளத்தூர் பக்கத்து ஆச்சி ஒருவர் படம் அனுப்பினார். திருக்கார்த்திகைக்குப் பிறகு 21ஆம் நாள் வாக்கில் வருகிற நோன்பு அது. 21 நூலிழை சேர்த்த திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுத்துக்கொள்வது என்று சொல்வது அதைத்தான். ஆச்சி அனுப்பிய படத்தில் நடுவே பிள்ளையார், சுற்றிலும் ஆவாரம்பூ, அடியில் ஒரு குடும்பத்தின் விலாசம். நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் வருகிற எழுத்து வரிசையை அப்படிச் சொல்வார்கள். அது ஆச்சி வீட்டு விலாசம் இல்லை.

சாயங்காலம் நோன்பு, காலையில் படம் வந்திருக்கிறது, எல்லாருக்கும் அனுப்ப அவசரமாக இதே மாதிரி ஒன்று கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதே பிள்ளையார், அதே பூ வரிசை. விலாசத்தை மட்டும் மாற்றி முக்கால் மணி நேரத்தில் அனுப்பினேன். ஆச்சிக்குக் கண்ணாடி கையில் இல்லை. நான் பதில்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று நம்பி, வந்த இடத்துக்கே அதை அனுப்பிவிட்டார்.

வந்த இடம் சம்பந்தி வீடு. பெண்ணுக்குக் கல்யாணமாகி முதல் நோன்பு. தாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வாழ்த்து, பெயர் மட்டும் மாறித் திரும்பி வந்தால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? "எங்க படத்தையே எங்களுக்கு அனுப்பியிருக்கீகளே ஆச்சி" என்று சம்பந்தி ஆச்சி போனில் கேட்டிருக்கிறார். ஆச்சி என்னிடம் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "நாலு வரி நல்லா எழுதித் தருவேன்னுதானப்பா அனுப்புனேன்" என்றார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மதியம் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "ஆச்சிக்கு, உங்கள் வாழ்த்து கிடைத்தது, மனசு நிறைந்தது. காலையில் வந்த படம் கடையில் நேர்ந்த தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருவரும் இன்று சேர்ந்து இழை எடுத்துக்கொண்டு, நூறு நோன்பு காண வேண்டும்." இதைப் படமாக்கவில்லை. ஆச்சி பெயரில் வெறும் எழுத்தாகவே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு அலங்காரம் தேவையில்லை.

அந்தப் படத்திலேயே துப்பு இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்திருந்தால் இரட்டை அம்புக்குறியோடு "Forwarded many times" என்று காட்டும். அப்படி வருவது ஊர் சுற்றுகிற படம். அதற்கு யாரும் பதில் எழுதச் சொல்வது அபூர்வம். ஆச்சி அனுப்பியதில் ஒற்றை அம்புதான், அடியில் வேறொரு வீட்டு விலாசம் முழுசாக இருந்தது. ஒரு குடும்பம் தனக்காகச் செய்தது, ஊர் சுற்றி வந்தது இல்லை. ஆனால் இதே அடையாளங்கள் உள்ள படத்தை "இந்த மாடல்ல எனக்கும்" என்று அனுப்புகிறவர்களும் உண்டு. ஆகவே படத்தை வைத்து ஓரளவுதான் போக முடியும். இன்னொன்று, முதலில் அனுப்பியவர் படத்தோடு ஏதாவது எழுதியிருந்தாலும் அது என் கைக்கு வருமென்று உறுதியில்லை. படத்துக்குக் கீழே தனிச் செய்தியாக எழுதியிருந்தால் படம் மட்டும்தான் வரும்.

அதனால் இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். "என்ன செய்யணும்?" என்று கேட்பதில்லை. கேட்டால் "அதான், செஞ்சு குடுங்க" என்றுதான் பதில் வரும். நான் கேட்பது வேறு: "இது உங்களுக்குப் படிக்கவா, அனுப்பினவருக்கே திரும்பப் போகணுமா, இல்ல மத்தவங்களுக்குப் போகணுமா?" கையிலேயே நிற்பது என்றால் மொழிபெயர்ப்பு. வந்த வழியே திரும்புவது என்றால் பதில். மேலே போவது என்றால் புதுப் படம்.

தேவகோட்டைச் செட்டியார் ஒருவர் பெருநாளன்று மலாய் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். பினாங்கில் அவரோடு பல வருஷம் வியாபாரம் செய்தவர் அனுப்பியது. "செலாமத் ஹரி ராயா ஐடில்ஃபித்ரி, மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்று இரண்டு வரி. கேள்வியைக் கேட்டேன். "முதல்ல என்னன்னு சொல்லுங்க, அப்புறம் அவருக்கே பதில் போகணும்" என்றார். சரி, இரண்டு வேலை, இந்த வரிசையில்.

முதல் வரி நோன்புப் பெருநாள் வாழ்த்து. இரண்டாவது வரியை அப்படியே சொன்னால், வெளிப்படையாகவும் மனதளவிலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வரும். செட்டியார் பதறிவிட்டார். "அவர் எனக்கு ஒரு தப்பும் செய்யலையே தம்பி!" மலாய்க்காரர்கள் அந்தப் பெருநாளில் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம், வாழ்த்தோடு சேர்ந்தே வருகிற வரி அது என்று விளக்கினேன். மொழிபெயர்ப்பை மட்டும் தட்டிவிட்டுப் போயிருந்தால், அவர் பினாங்குக்குப் போன் போட்டு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார். இதே படத்தில் அவர் பெயரைப் போட்டுக் கொடுத்திருந்தால், "ஈத் முபாரக்" என்று சொல்லிப் பழகிய நம் ஊர் நண்பர்களுக்கு அந்த மன்னிப்பு வரி புரியாமல் போயிருக்கும். பதிலாக அதே இரண்டு வரியை மலாயிலேயே திருப்பிச் சொல்லி, கீழே தமிழில் அவர் வீட்டார் நலம் கேட்டு ஒரு வரி சேர்த்தோம். அங்கே திருப்பிச் சொல்வதுதான் முறை. சம்பந்தி வீட்டுக்குத் தவறாகப் போனது இங்கே சரியாக இருந்தது.

புதுப் படம் வேண்டுகிறவர்களுக்கு ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கித்தான் வரும். போனில் பளிச்சென்று தெரிவது ஆறடி ஃபிளெக்ஸில் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். உங்கள் போட்டோவை "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள். வாழ்த்துப் படம் மாதிரிக்கு மட்டும் இருக்கட்டும், வேறொருவர் வரைந்ததில் பெயரை அழித்து உங்கள் பெயரைப் போடச் சொல்லாதீர்கள்.

எந்தக் கடைக்கு அனுப்பினாலும் படத்தின் கீழே ஒரு வரி போதும்: யார் அனுப்பியது, யாருக்குப் போகணும், எப்போதுக்குள் வேணும். எழுத வராவிட்டால் பேசி அனுப்பலாம். போன நோன்புக்கு அந்த ஆச்சி அப்படித்தான் அனுப்பினார். படம், அடுத்து அவர் குரல்: "தம்பி, இது சம்பந்தி வீட்டுது. பதில் எழுதணும், படம் வேண்டாம். இழை எடுக்குறதுக்குள்ள குடுத்துருப்பா."