ப்ரைம் இறங்கினாலும் இறங்காத முக்கால் சதவீதம்: தென்னாப்பிரிக்காவில் வீட்டு பாண்டு வட்டியை மாற்றக் கேட்பது எப்படி

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவைக் குறைத்ததாகச் செய்தி வந்ததும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேஷியாவிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "நம்ம பாண்டு எவ்வளவு குறையும்?" கேள்வி சரிதான். ஆனால் பாண்டு எனப்படும் வீட்டுக் கடனின் வட்டியில் செய்தி வாசிப்பவர் சொல்லாத இன்னொரு பகுதியும் இருக்கிறது. ரெப்போ எவ்வளவு இறங்கினாலும் அது தானாக இறங்காது. கடன் வாங்கியவர் கேட்டுப் பெறக்கூடியது அந்தப் பகுதிதான்.

மிதக்கும் வட்டி மூன்று அடுக்காக அமைந்தது. அடியில் இருப்பது ரெப்போ. தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு வருடத்துக்கு ஆறு முறை கூடி இதை முடிவு செய்கிறது. அதன்மேல் 3.5 சதவீதப் புள்ளி சேர்த்தால் ப்ரைம். வங்கிகள் எல்லாவற்றுக்கும் ப்ரைம் ஒன்றுதான். 2025 நவம்பரில் ரெப்போ 6.75 ஆக இறங்கியபோது ப்ரைம் 10.25 ஆனது. மூன்றாவது அடுக்கு உங்களுக்கென்று வங்கி வைத்த ஸ்ப்ரெட். ஒருவருக்கு அது ப்ரைம் மைனஸ் 0.25, இன்னொருவருக்கு ப்ரைம் பிளஸ் 0.75. கடன் கொடுத்த நாளில் உங்கள் கடன் மதிப்பெண், நீங்கள் போட்ட முன்பணம், சம்பளம் இவற்றைப் பார்த்து வங்கி குறித்த எண் அது.

இந்த ஸ்ப்ரெட்டுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், 103ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி, வட்டி மாறக்கூடியது என்று ஒப்பந்தம் சொன்னால், அதில் எழுதிய ஒரு அடிப்படை விகிதத்தோடு நிலையான உறவு வைத்துத்தான் அது மாறலாம். ப்ரைம் ஏறினால் உங்கள் வட்டி அதே அளவு ஏறும், இறங்கினால் அதே அளவு இறங்கும். நடுவில் வங்கி தன்னிஷ்டத்துக்கு பிளஸ் 0.75ஐ பிளஸ் 1.25 ஆக்க முடியாது. சில ஒப்பந்தங்களில் சலுகைக்கு நிபந்தனை இருக்கும். சம்பளம் அந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்பது போல. கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அதே பூட்டு மறுபக்கமும் பூட்டுகிறது. ஸ்ப்ரெட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்தும் விதி இங்கே கிடையாது. தமிழ்நாட்டு யூடியூப் சேனல்களில் வரும் 'எக்ஸ்டர்னல் பெஞ்ச்மார்க்' விளக்கங்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளைப் பற்றியவை. ரெப்போ என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த விதிகளை இங்குள்ள கிளையில் போய்ப் பேசினால் எடுபடாது.

முதலில் உங்கள் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று பாருங்கள். மாத ஸ்டேட்மெண்டில் உள்ள வட்டி விகிதத்திலிருந்து அன்றைய ப்ரைமைக் கழியுங்கள். 11.00 என்று இருந்து ப்ரைம் 10.25 என்றால் ஸ்ப்ரெட் பிளஸ் 0.75. அதை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் மாறினால் 30 வேலை நாளுக்குள் வங்கி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 104ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வட்டித் தொகையையும் கையால் சரிபார்க்கலாம். வட்டி தினக்கணக்கில் ஓடுகிறது. 1ஆம் தேதி தவணை போன பிறகு நிலுவை 9 லட்சம் ரேண்ட், விகிதம் 11 என்றால், 30 நாள் மாதத்துக்கு 9,00,000 × 0.11 × 30 ÷ 365 = 8,137 ரேண்ட். 31 நாள் மாதத்தில் 8,408. இந்த வித்தியாசத்தைப் பார்த்து வங்கி ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம், நாள் ஒன்று கூடியதுதான் காரணம். மாத நடுவில் ப்ரைம் மாறினால் இரண்டு துண்டாகக் கணக்கிட வேண்டும். 2025 நவம்பரில் முதல் 20 நாளுக்கு 11.25, மீதி 10 நாளுக்கு 11.00 என்று போட்டால் 5,548 + 2,712 = 8,260 வரும். வங்கி மாதம் முழுவதற்கும் பழைய விகிதத்தையே போட்டிருந்தால் 8,322 வந்திருக்கும். அது புகாருக்குரிய தவறு.

இனி ஸ்ப்ரெட்டை மாற்றக் கேட்பது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பம் முன்பணம் இல்லாமல் வீடு வாங்கியதால் வங்கி ப்ரைம் பிளஸ் 0.75 போட்டது. இன்று நிலுவை 9 லட்சம், மீதி 17 வருடம், மாதத் தவணை 9,768 ரேண்ட். வீட்டின் இன்றைய மதிப்பு 12.5 லட்சம். அதாவது கடன் வீட்டு மதிப்பில் 72 சதவீதம்தான். ஒரு தவணையும் தவறியதில்லை. கடன் கொடுத்த நாளில் வங்கி பார்த்த ஆபத்து இப்போது இல்லை, விலை மட்டும் அப்படியே நிற்கிறது. மறுபரிசீலனை கேட்கச் சரியான நேரம் இதுதான்: கடன் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது தவணை சுத்தமாகப் போயிருக்க வேண்டும், மற்ற கடன்கள் குறைந்திருக்க வேண்டும். இந்த வரம்புகளை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. வங்கிகள் ஆபத்தை எடைபோடும் விதத்தை வைத்து நாங்கள் சொல்லும் அளவுகோல் இது.

கேட்க வேண்டியது கவுண்டரில் இருப்பவரிடம் அல்ல. வங்கியின் வீட்டுக்கடன் பிரிவிடம் ஈமெயிலில் 'ரேட் ரிவியூ' என்று கேளுங்கள். பாண்டு கணக்கு எண், இப்போதைய ஸ்ப்ரெட், நீங்கள் கேட்கும் ஸ்ப்ரெட், நகராட்சி மதிப்பீடு அல்லது அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை, மூன்று மாத சம்பளச் சீட்டு, கிரெடிட் ரிப்போர்ட் இவற்றைச் சேருங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டை ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் வரும் பதிலும் அப்படித்தான் இருக்கும். "ப்ரைம் மைனஸ் 0.25 வேண்டும்" என்று எண்ணோடு கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அது கிடைத்தால் வட்டி 10.00, தவணை 9,191. மாதம் 577 ரேண்ட் மிச்சம், மீதி 17 வருடத்துக்கும் சேர்த்தால் 1.17 லட்சத்துக்கு மேல்.

சொந்த வங்கி மறுத்தால் இன்னொரு வங்கியில் விண்ணப்பித்து எழுத்தில் ஆஃபர் வாங்கலாம். அந்த வங்கியும் மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் கேட்க 62ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆஃபர் கிடைத்தால், நகர்வதற்கு முன் அதையே பழைய வங்கிக்கு அனுப்பிப் பாருங்கள். உள்ளேயே ஸ்ப்ரெட்டைக் குறைத்தால் செலவு அதிகம் வராது. வங்கி மாறுவது என்றால் பழைய பாண்டை ரத்து செய்யும் வக்கீல், புதியதைப் பதியும் வக்கீல், டீட்ஸ் ஆபீஸ் கட்டணம் (குவாசுலு-நட்டால் வீடுகளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்), புதிய வங்கியின் தொடக்கக் கட்டணம் எல்லாம் உண்டு. தொடக்கக் கட்டணத்தின் உச்சம் வாட் சேர்த்து 6,037.50 ரேண்ட். எல்லாம் சேர்ந்து 40,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் 577 மிச்சம் அதை ஈடுகட்ட 69 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். நான்கு வருடத்தில் வீட்டை விற்கும் எண்ணமிருந்தால் நகர்வது நஷ்டம்.

இதில் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒன்று, முன்னறிவிப்பு. பாண்டை முன்கூட்டியே முடிக்க 125ஆம் பிரிவு எப்போதும் அனுமதிக்கிறது, ஆனால் முன்னறிவிப்பு இல்லையென்றால் வங்கி மூன்று மாத வட்டிவரை கட்டணம் போடலாம். இந்தக் கணக்கில் அது சுமார் 24,750 ரேண்ட். 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டால் அந்தக் கட்டணம் விழாது. புதிய வங்கியின் ஆஃபர் உறுதியான அன்றே பழைய வங்கிக்கு நோட்டீஸ் கொடுங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால் வாரங்கள் வீணாகப் போகும்.

இரண்டாவது, காலம். புதிய வங்கி 'தவணை 8,685தான்' என்று காட்டும். ஆயிரத்துக்கு மேல் மிச்சம் என்று மனம் துள்ளும். அந்தத் தவணை 10 சதவீதத்தில் 20 வருடத்துக்கானது. 17 வருடப் பாக்கி மறுபடி 20 ஆகியிருக்கிறது. பழைய வழியில் 204 மாதம் 9,768 கட்டினால் மொத்தம் 19.93 லட்சம். புதிய வழியில் 240 மாதம் 8,685 கட்டினால் 20.84 லட்சம். வட்டி ஒரு புள்ளி குறைந்தும் கையிலிருந்து போவது 92,000 ரேண்ட் அதிகம். ஆஃபரில் விகிதத்துக்கு முன் மாதங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 204 என்றே எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது மாதாமாதம் 9,191 கட்டுங்கள்.

நிலையான வட்டிக்கு மாறுவது தனி விஷயம். வங்கிகள் பொதுவாக 1 முதல் 5 வருடம்வரை பூட்டித் தருகின்றன. அந்த விகிதம் பெரும்பாலும் அன்றைய மிதக்கும் விகிதத்தைவிட உயரமாக இருக்கும். வட்டி ஏறினால் குடும்ப பட்ஜெட் உடைந்துவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அது காப்பு. மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. பூட்டுக் காலத்துக்குள் வெளியேற என்ன செலவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

ப்ரைம் என்ற அளவையே கைவிட்டு ரெப்போவை நேரடியாகக் குறிப்பிடலாம் என்ற யோசனையும் ரிசர்வ் வங்கியில் பேசப்படுகிறது. அப்படி வந்தால் ப்ரைம் பிளஸ் 0.75 என்பது ரெப்போ பிளஸ் 4.25 என்று எழுதப்பட வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தாலும் காரணம் கேளுங்கள்.

கடன் சுமை தாங்காமல், கடன் ஆலோசகர் மூலம் தவணைகளை மாற்றியமைக்கும் 'டெப்ட் ரிவியூ'வில் இருப்பவர்கள் புதிய கடன் எடுக்க முடியாது, ஆகவே வங்கி மாறும் வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. கணக்குத் தவறு, தெரிவிக்காத விகித மாற்றம் போன்றவற்றுக்கு முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து குறிப்பு எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் வங்கி வாடிக்கையாளர்களின் புகார்களை விசாரிக்க 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதி ஆம்பட் திட்டத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். ஸ்ப்ரெட்டைக் குறைக்க வங்கி மறுத்ததை மட்டும் புகாராகக் கொண்டுபோனால் சாதகமான பதிலை எதிர்பார்க்காதீர்கள். அந்த முடிவு வங்கியின் வணிகத் தீர்மானம்.