ஒரே மார்க் ஷீட், நான்கு சிஜிபிஏ

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மேசைக்கு அக்கா மகள் ஒரு மார்க் ஷீட்டோடு வந்தாள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாளாம். அங்கே எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளியான சிஜிபிஏ நான்குக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். இவள் கையில் இருப்பதோ சதவீதம். "மூணு விதமா போட்டேன் மாமா, மூணு விடை வருது" என்றாள்.

முதல் அரையாண்டில் அவளுக்கு நான்கு பாடங்கள். கணிதம் 74, இயற்பியல் 76, கணினி 58. இவை மூன்றுக்கும் தலா 16 கிரெடிட். கட்டுரை எழுதும் பயிற்சியில் 81. அதற்கு 8 கிரெடிட்தான். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்படியென்றால் கணிதம் 160 மணி நேரப் பாடம், கட்டுரை 80 மணி நேரப் பாடம்.

முதலில் மார்க்கைப் புள்ளியாக்க வேண்டும். இங்கே பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதியவர்களுக்கு இது பழகிய சங்கதி. அங்கே 70 வாங்கினாலும் 79 வாங்கினாலும் லெவல் 6தான். படிக்கட்டு மாதிரி: படிக்குள் எங்கே நின்றாலும் ஒரே உயரம். நாங்கள் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட அட்டவணை இது: 75ம் அதற்கு மேலும் 4, 60 முதல் 74 வரை 3, 50 முதல் 59 வரை 2, அதற்குக் கீழே 0. அவளுக்குக் கணிதத்தில் 3, இயற்பியலில் 4, கணினியில் 2, கட்டுரையில் 4.

அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும்: 48, 64, 32, 32. கூட்டினால் 176. மொத்த கிரெடிட் 56. வகுத்தால் 3.14.

அவள் எங்கே தடுமாறினாள்? ஒருமுறை கிரெடிட்டை மறந்து நான்கு புள்ளிகளையும் கூட்டி நான்கால் வகுத்திருக்கிறாள்: 3.25. எட்டு கிரெடிட் கட்டுரைக்குக் கணிதத்தின் எடையைக் கொடுத்தால் விடை கூடத்தானே செய்யும்! இன்னொருமுறை மார்க்குகளையே கிரெடிட்டோடு சராசரி எடுத்து, வந்த 71ஐக் கடைசியில் புள்ளியாக்கியிருக்கிறாள்: 3.00. பாடத்துக்குப் பாடம் புள்ளியாக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் விடையும் மாறும்.

நான்காவது விடையை நான் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவில் வழக்கமாக 90க்கு மேல்தான் ஏ கிரேடு, எண்பதுகள் பி, எழுபதுகள் சி. 60க்குக் கீழே ஃபெயில். அந்த அட்டவணையை இவள் மார்க்கின் மேல் அப்படியே வைத்தால் 1.57 வரும். இங்கே 75 என்றால் டிஸ்டிங்ஷன், 50 வாங்கினாலே பாஸ். இந்த ஊர்த் தாளை அந்த ஊர்ப் படிக்கட்டில் ஏற்றக் கூடாது. எந்த அட்டவணை என்று விண்ணப்பம் வாங்கும் இடத்தில் கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் சதவீதத்தையே அனுப்பச் சொல்லி, அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாம் அரையாண்டில் அவளுக்கு 72 கிரெடிட், 256 புள்ளி, அதாவது 3.56. இதையும் 3.14ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. 72 கிரெடிட் அரையாண்டும் 56 கிரெடிட் அரையாண்டும் சமமில்லையே. புள்ளிகளைச் சேர்த்து 432, கிரெடிட்டைச் சேர்த்து 128, விடை 3.375.

"ஒரு பாடத்துல ஃபெயிலாகியிருந்தா?" என்று கேட்டாள். சரி, 3 புள்ளி வாங்கிய 16 கிரெடிட் பாடம் ஒன்றில் தவறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். புள்ளி 384 ஆகும், கிரெடிட் 128தான், விடை 3.00. "பாஸாகாத பாடம்தானே" என்று அந்த 16ஐயும் கழித்துவிட்டால் 3.43 வரும். ஃபெயிலானதால் சராசரி ஏறுகிறது என்றால் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். திரும்ப எழுதி அதே 3 வாங்கினால்? பழையதை அழித்துவிடும் விதியில் மறுபடி 3.375. இரண்டையும் வைத்துக்கொள்ளும் விதியில் 432ஐ 144ஆல் வகுக்க வேண்டும், 3.00லேயே நிற்கும். இது இடத்துக்கு இடம் மாறும்.

அவள் கண் மட்டும் அந்த 74லேயே இருந்தது. இயற்பியலில் 76 நூறாகியிருந்தாலும் புள்ளி நகராது. கணிதத்தில் ஒரே ஒரு மார்க் கூடியிருந்தால் 16 புள்ளி ஏறி, முதல் அரையாண்டு 3.14லிருந்து 3.43 ஆகியிருக்கும். மறுநாளே கணித விடைத்தாளைப் பார்க்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.